வெண்டைப் பூ முதல் விதை வரை: பூவை அறுத்து வரைந்து, மகரந்தச் சேர்க்கையையும் விதை பரவுதலையும் சோதித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பூவின் பாகங்கள், மகரந்தச் சேர்க்கை, கருவுறுதல், விதை பரவுதல் ஆகிய நான்கையும் பெரும்பாலோர் நான்கு தனிப் பாடங்களாகப் படித்து, நான்கு வெவ்வேறு செடிகளின் படங்களை வரைந்துவிடுகிறார்கள். ஒரு பூவின் எந்தப் பாகம் விதையின் எந்தப் பாகமாக மாறுகிறது என்று அவர்களைக் கேட்டால் விடை தடுமாறுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஒரே செடியை, அதாவது வெண்டையை, மொட்டு நிலையிலிருந்து விதை உதிரும் வரை பின்தொடர்கிறது. படிகளின் வரிசை முக்கியமானது. ஒரு படியைத் தாமதமாகச் செய்தால் அடுத்த படியின் முடிவு பொருளற்றதாகிவிடும்.

## 1. செடியைத் தேர்ந்தெடுத்தல்

பூவின் படம் வரைய வழக்கமாகச் செம்பருத்தியை எடுப்பார்கள். பூ பெரியது, பாகங்கள் தெளிவானவை என்பது உண்மைதான். ஆனால் தோட்டங்களில் வளரும் செம்பருத்தி வகைகளில் பெரும்பாலானவை அரிதாகவே காய் பிடிப்பதால், பூவோடு பாடம் நின்றுவிடும். வெண்டையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பூவின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. கூடுதலாக அது தாராளமாகக் காய்க்கிறது. பூத்ததிலிருந்து ஐந்து வாரங்களுக்குள் முற்றிய விதையும் கிடைக்கிறது.

விதைத்து 40 முதல் 50 நாட்களில் செடி பூக்கத் தொடங்கும். ஒரு தண்டில் பூக்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகவே மலர்வதால், ஒரு செடியில் ஒரு நாளைக்கு ஒரு பூவுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. இதை அறியாமல் இரண்டு செடிகளை மட்டும் வளர்ப்பவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான பூக்கள் ஒரே நாளில் கிடைப்பதில்லை. குறைந்தது பத்துச் செடிகளாவது இருக்கட்டும்.

## 2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

கூர்மையான சவரத் தகடு, நுனி மெல்லிய இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, வெள்ளைத் தாள், பென்சில், மெல்லிய காகிதப் பைகள், நூல், எழுதிக் கட்டுவதற்கான அட்டைச் சீட்டுகள் ஆகியவை போதும். சீட்டில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை மழையிலும் பனியிலும் கரைந்து, ஒரு வாரத்தில் எந்தக் காய்க்கு என்ன செய்தோம் என்பதே தெரியாமல் போகும்.

பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றுக்குள் ஈரம் தேங்கி வெப்பம் ஏறுவதால், மொட்டு அழுகியோ வாடியோ உதிரும். அதை மகரந்தச் சேர்க்கை நடக்காததால் உதிர்ந்ததாகத் தவறாகக் கணக்கிட நேரும். வெண்டைச் செடியின் சுணை பலருக்கு அரிப்பைத் தருவதால் கையுறை அணிவது நல்லது.

## 3. பூவை வெளியிலிருந்து உள்ளே பிரித்தல்

வெண்டைப் பூ காலையில் மலர்ந்து அன்றைய பொழுதுக்குள்ளேயே வாடிவிடும் தன்மையுடையது. எனவே அறுப்பதற்கான பூவைக் காலையிலேயே பறித்து, உடனே வேலையைத் தொடங்க வேண்டும். மாலையில் பறித்த பூவில் அல்லிகள் சுருண்டு மகரந்தத்தாள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பாகங்களைப் பிரித்தறிய முடியாது.

வெளி வட்டத்திலிருந்து உள் வட்டத்துக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு வட்டமும் தனக்கு உள்ளிருப்பதை மறைப்பதால், இந்த வரிசை மாறினால் வெளி வட்டங்கள் எவ்வாறு இணைந்திருந்தன என்பதற்கான சான்று கிழிந்துபோகும்.

முதலில், பூவின் அடியில் நூல்போல் மெலிந்த பச்சை உறுப்புகள் எட்டு முதல் பன்னிரண்டு வரை சுற்றி நிற்பதைக் காணலாம். இது புறப்புல்லி வட்டம். தொடக்கநிலையில் உள்ளவர்கள் இதையே புல்லி வட்டம் எனக் குறித்துவிடுகிறார்கள். உண்மையான புல்லி வட்டம் அதற்கு உள்ளே, மொட்டை உறைபோல் மூடியிருந்து, பூ மலரும்போது ஒரு பக்கமாகக் கிழிந்து நிற்கும் மெல்லிய பாகமாகும்.

அடுத்தது அல்லி வட்டம்: ஐந்து மஞ்சள் அல்லிகள், அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. ஓர் அல்லியை மட்டும் அடியிலிருந்து மெதுவாக இழுத்தால், அது தனியாக வராமல் நடுவிலுள்ள குழலின் அடிப்பகுதியையும் சேர்த்து இழுப்பதை உணரலாம். அல்லிகளும் மகரந்தத்தாள் குழலும் அடியில் ஒட்டியிருக்கின்றன. அதனால்தான் பூ வாடும்போது இரண்டும் ஒன்றாகவே கழன்று விழுகின்றன. அடுத்து வரும் சோதனைக்கு இந்தச் செய்தி தேவைப்படும்.

குழலின் மேற்பரப்பில் சிறு காம்புகளில் மகரந்தப்பைகள் நிற்கும். மகரந்தக்கம்பிகள் யாவும் இணைந்து ஒரே குழலாகியிருப்பது இந்தக் குடும்பத்தின் அடையாளம். கைவில்லையில் மகரந்தத்தூள்கள் தனித்தனி மணிகளாகவே தெரியும். அவை பெரியவை, மேற்பரப்பில் முட்கள் கொண்டவை. உலர்ந்து பறக்கும் மென்தூளாக இல்லாமல் இவ்வாறு ஒட்டும் தன்மையோடு இருப்பது, இந்தப் பூ காற்றை நம்பியது அல்ல, பூச்சியின் உடலை நம்பியது என்பதைக் காட்டுகிறது.

இறுதியாக, குழலின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகத் தகட்டால் கீறித் திறந்தால், அதனுள் மெல்லிய சூலகத்தண்டு ஓடுவதும், அதன் மேல்முனை கருஞ்சிவப்பான சூலகமுடிகளாகக் கிளைத்திருப்பதும், அடியில் கூம்பு வடிவச் சூல்பை இருப்பதும் புலப்படும்.

சூல்பையை இருமுறை அறுக்க வேண்டும். இதற்கு இரண்டு பூக்கள் தேவை. ஒன்றை நீளவாக்கில் அறுத்தால் சூல்கள் அடுக்காக நிற்பது தெரியும். மற்றொன்றைக் குறுக்கே அறுத்தால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளும், சூல்கள் நடு அச்சில் ஒட்டியிருப்பதும் தெரியும். ஒரு வெட்டை மட்டும் பார்ப்பவர்கள் சூல்கள் வெளிச்சுவரில் ஒட்டியிருப்பதாக வரைவது மிகப் பரவலான பிழை.

## 4. பாகங்கள் குறித்த படம் வரைதல்

பூவை நேராக நிறுத்தி, காம்பிலிருந்து மேல் நோக்கி நடுவே வெட்டிய பாதியை வரைய வேண்டும். மலர்ந்த பூவை மேலிருந்து பார்த்தபடி வரைந்தால் அல்லிகள்தாம் தெரியும், சூல்பை தெரியாது. முதலில் நடுவே ஒரு செங்குத்துக் கோட்டை மெல்லியதாக இட்டு, பூத்தளம், சூல்பை, சூலகத்தண்டு ஆகியவற்றை அந்தக் கோட்டின் மீது வரைந்து, பின்னர் குழலையும் அல்லிகளையும் இருபுறமும் சேர்க்கவும். அறுக்கும்போது வெளியிலிருந்து உள்ளே சென்றோம். வரையும்போது உள்ளிருந்து வெளியே வருகிறோம். அல்லியை முதலில் வரைந்தவர்களுக்குச் சூல்பைக்கு இடம் போதாமல் போவதே இதற்குக் காரணம்.

```
              ●●●●●  ───────────────  1
               \|/
                |  ─────────────────  2
  \           o|||o           / ────  3
   \          o|||o          /
    \         o|||o ────────/───────  4
     \         |||         /
      \        ||| ───────/─────────  5
       \      /|||\      /
        \    / /|\ \    /
         \  | |o|o|─|──/────────────  6
    \   \ \_| |o|o| |_/ /───/───────  7
     \   \____\___/____/   / ───────  8
      \___________________/
             [=====] ───────────────  9
                |  ───────────────── 10
```

1 – சூலகமுடி. 2 – சூலகத்தண்டு. 3 – அல்லி. 4 – மகரந்தப்பை. 5 – மகரந்தத்தாள் குழல். 6 – சூல்பையும் அதனுள் சூல்களும். 7 – புல்லி வட்டம். 8 – புறப்புல்லி வட்டம். 9 – பூத்தளம். 10 – பூக்காம்பு.

குறிப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, அம்புமுனையும் வேண்டாம். கோட்டின் முனை அந்தப் பாகத்தைத் தொட்டே நிற்க வேண்டும். சூலகத்தண்டு குழலுக்கு உள்ளே ஓடுகிறது என்பதைப் படம் காட்டியாக வேண்டும். குழலுக்குப் பக்கத்தில் தனியே நிற்பதாக வரைந்தால், பூவைப் பார்க்காமல் வரைந்தது வெளிப்பட்டுவிடும். சூல்பை அல்லிகளின் அடிக்கு மேல் அமைந்திருப்பதையும், அதாவது இது மேல்மட்டச் சூல்பை என்பதையும், படத்தில் உறுதிசெய்துகொள்ளவும்.

## 5. மகரந்தச் சேர்க்கையைச் சோதித்தல்

வெண்டைப் பூவில் மகரந்தப்பைகளும் சூலகமுடிகளும் மிக அருகில் இருக்கின்றன. அப்படியானால் அதே பூவின் மகரந்தத்தூளே போதுமா, பூச்சி வந்தே ஆக வேண்டுமா? படத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. நான்கு வகையாகப் பூக்களைக் கையாண்டு பார்க்க வேண்டும்.

இங்கே காலமே எல்லாம். மகரந்தப்பைகள் பூ மலரும் வேளையிலேயே வெடித்துவிடுகின்றன. ஆகவே மலர்ந்த பூவில் பையைக் கட்டுவது பயனற்றது. மகரந்தச் சேர்க்கை அதற்கு முன்பே நடந்திருக்கக்கூடும். மறுநாள் மலரவிருக்கும் மொட்டை முந்தைய நாள் பிற்பகலில் அடையாளம் காண வேண்டும். அந்த மொட்டு நன்கு பருத்து நீண்டிருக்கும். புல்லி உறையின் நுனியில் அல்லியின் மஞ்சள் நிறம் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கும். அதனினும் சிறிய மொட்டைத் தொடக் கூடாது. அது மறுநாள் மலராது.

முதல் குழு: மொட்டின் மேல் பையை மட்டும் கட்டவும். பூச்சி உள்ளே வர முடியாது. பூவின் சொந்த மகரந்தத்தூள் இருக்கிறது.

இரண்டாம் குழு: மொட்டின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் மெதுவாகக் கீறி, அல்லிகளை விலக்கி, குழலின் மேலுள்ள மகரந்தப்பைகளை இடுக்கியால் ஒன்றுவிடாமல் நீக்கிவிட்டுப் பையைக் கட்டவும். குழலைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது அடியில் அல்லிகளோடு சேர்ந்திருப்பதாலும் அதனுள் சூலகத்தண்டு ஓடுவதாலும், இழுத்தால் தண்டு முறியும். நீக்கி முடித்ததும் சூலகமுடியைக் கைவில்லையில் பார்த்து, ஒரு மணிகூட ஒட்டவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

மூன்றாம் குழு: இரண்டாம் குழுவைப் போலவே மகரந்தப்பைகளை நீக்கிப் பையைக் கட்டவும். மறுநாள் காலை, வேறொரு செடியில் புதிதாக மலர்ந்த பூவைப் பறித்து, அதன் குழலைச் சூலகமுடிகள் எல்லாவற்றின் மீதும் மெதுவாகத் தடவி, மீண்டும் பையை மூடவும்.

நான்காம் குழு: எதுவும் செய்யாமல், சீட்டை மட்டும் கட்டிவிடவும்.

மூன்றாம் குழு எதற்கு என்று பலர் கேட்டு, வேலை அதிகம் என்பதால் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் சோதனை முழுவதும் வீணாகும். இரண்டாம் குழுப் பூ உதிர்ந்தால், மகரந்தத்தூள் கிடைக்காததால் உதிர்ந்ததா, நம் கைபட்ட காயத்தால் உதிர்ந்ததா என்று எப்படித் தெரியும்? அதே காயம் பட்ட மூன்றாம் குழு காய்த்தால், காயம் காரணமல்ல என்று துணிந்து சொல்லலாம். மூன்றாம் குழுவும் உதிர்ந்தால், கை இன்னும் பழகவில்லை என்று கொண்டு மறுபடியும் செய்ய வேண்டும். வேறு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

பூ வாடி விழுந்த பிறகு, இரண்டு மூன்று நாட்கள் கழித்துப் பைகளை எடுத்துவிடலாம். சூலகமுடி உலர்ந்துவிட்டதால் இனி வரும் மகரந்தத்தூள் எதையும் செய்யாது. பை தொடர்ந்து இருந்தால் வளரும் காய்க்குத்தான் இடைஞ்சல். ஒரு வாரத்தில் கணக்கெடுக்கவும்.

ஒரு குழுவுக்கு ஐந்து பூக்கள் என்று வைத்து, முதல் குழுவில் நான்கு, இரண்டாவதில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் ஐந்து காய்கள் பிடித்ததாகக் கொள்வோம். மகரந்தத்தூள் இன்றி வெண்டை காய்ப்பதில்லை என்பது இரண்டாவது, மூன்றாவது குழுக்களிலிருந்து தெரிகிறது. பூச்சி இல்லாமலேயே தன் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது என்பது முதல் குழுவிலிருந்து தெரிகிறது. மூன்றாவது குழு, அயல் மகரந்தத்தூளையும் இந்தப் பூ ஏற்கிறது என்று காட்டுகிறது. ஆனால் நான்காம் குழுவின் ஐந்து காய்களில் எத்தனை பூச்சியால் வந்தவை என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு நிறம் போன்ற மரபுப் பண்பில் வேறுபட்ட செடிகளை அருகருகே வளர்த்து, அடுத்த தலைமுறையைப் பார்க்க வேண்டும். முதலுக்கும் நான்காவதுக்கும் இடையிலான ஒரு காய் வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. ஐந்து பூக்களில் அது தற்செயலாகவே நேரலாம்.

## 6. கருவுறுதலைக் காயில் படித்தல்

மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றல்ல. மகரந்தத்தூள் சூலகமுடியில் வந்து படிவதோடு முதலாவது முடிந்துவிடுகிறது. அதன்பின் மகரந்தத்தூள் முளைத்து, சூலகத்தண்டின் வழியே ஒரு குழலைக் கீழே அனுப்பி, சூலின் சிறு துளை வழியாக இரண்டு ஆண் கேமீட்டுகளை உள்ளே சேர்க்கிறது. ஒன்று முட்டையோடு இணைந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவிலுள்ள உட்கருக்களோடு இணைந்து, கருவுக்கு உணவாகும் கருவூணைத் தருகிறது. இவற்றைக் கைவில்லையால் காண முடியாது. ஆனால் விளைவைக் காணலாம்.

ஒவ்வொரு சூலுக்கும் தனியாக ஒரு மகரந்தக்குழல் வந்தாக வேண்டும். ஆகவே முற்றிய காயில் விதைகளை எண்ணினால், குறைந்தது எத்தனை மகரந்தத்தூள்கள் வெற்றிகரமாக முளைத்தன என்பது கிடைக்கும். ஐந்து அறைகள், அறைக்குப் பன்னிரண்டு சூல்கள் என்றால் மொத்தம் 60. அவற்றில் 54 விதைகளாகியிருந்தால், 54 மகரந்தத்தூள்களாவது தம் பயணத்தை முடித்திருக்கின்றன. மீதமுள்ள ஆறும் நடு அச்சில் சுருங்கிய சிறு வெண்புள்ளிகளாக ஒட்டியிருக்கும். அவை கருவுறாதவையா, கருவுற்றும் வளர்ச்சி நின்றவையா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல இயலாது. விதைகளை மட்டும் எண்ணிவிட்டு இந்தப் புள்ளிகளை விட்டுவிடுவது வழக்கமான தவறு.

முற்றிய விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உறையைச் சீவி எடுத்தால், மடிந்து கிடக்கும் இரு விதையிலைகளும் முளைவேரும் தெரியும். இப்போது பூவின் படத்துக்கு அருகில் இரண்டாவது படமாகக் காயை வரைந்து, சூல்பைச் சுவர் கனியின் சுவராகவும், சூல் விதையாகவும், சூலின் உறை விதையுறையாகவும் ஆகியிருப்பதைக் கோட்டால் இணைக்கவும். அல்லியும் குழலும் விழுந்த இடம் காயின் அடியில் வளையத் தழும்பாகத் தெரியும். சூலகத்தண்டு ஒடிந்த இடம் நுனியில் இருக்கும். இந்த இரு தழும்புகளும் இருப்பதால், கையிலிருப்பது விதை அல்ல, கனி என்பதை உறுதியாகச் சொல்லலாம். கனியையும் விதையையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு, சூரியகாந்தி போன்ற ஒற்றை விதைக் கனிகளிலும் இதே விதிதான் துணைநிற்கும்.

## 7. விதை பரவுதலைக் கணித்துப் பார்த்தல்

இதற்காக ஒவ்வொரு செடியிலும் ஒரு காயையாவது பறிக்காமல் விட வேண்டும். பூத்து ஏறத்தாழ 35 நாட்களில் காய் பழுப்பாகி உலர்ந்து, அதன் வரிகள் நெடுக நுனியிலிருந்து பிளக்கும். இது வெடிகனி என்றாலும், காசித்தும்பைக் காயைப் போல் விதைகளைச் சுழற்றி எறியும் விசை இதற்கு இல்லை. காற்றில் தண்டு அசையும்போது விதைகள் உருண்டு உதிர்கின்றன, அவ்வளவுதான். கனி வெடிக்கிறது என்ற ஒரே காரணத்தால் வெடித்துப் பரவுதல் என்று எழுதிவிடுவது பிழை.

பரவும் முறையைப் பெயரால் ஊகிக்காமல், விதை விழும் நேரத்தை அளந்து அறியலாம். 2 மீட்டர் உயரத்திலிருந்து வெண்டை விதையை விட்டால், காற்றின் தடை அதைப் பெரிதாகப் பாதிக்காததால், சுமார் 0.64 விநாடியில் தரையைத் தொடும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது, விதை அந்தக் காற்றோடு முழுமையாகச் சென்றாலும் 2 மீட்டரைத் தாண்டாது. கனமான விதை என்பதால் உண்மையில் அதிலும் குறைவாகவே நகரும்.

இதே உயரத்திலிருந்து மூன்று சிறகுள்ள முருங்கை விதையை விட்டு, பின்னர் சிறகுகளைக் கத்தரித்துவிட்டு அதே விதையை மீண்டும் விடவும். இரு நேரங்களின் வேறுபாடு, சிறகு செய்யும் வேலையின் அளவு. சிறகோடு 2 விநாடி எடுத்ததாக வைத்துக்கொண்டால், அதே காற்றில் 6 மீட்டர் வரை செல்லக்கூடும். முருங்கைக் காய் தொங்கும் உயரம் 2 மீட்டரினும் மிகுதி என்பதால் தூரமும் மிகும். ஒரே விதையை ஒப்பிடுவது அவசியம். வெவ்வேறு விதைகளை ஒப்பிட்டால் எடை வேறுபாடும் கணக்கில் கலந்துவிடும். கைக்கடிகாரத்தில் அளக்கும் நேரத்தில் விநாடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிழை வரும் என்பதால், குறைந்தது பத்துமுறை விட்டுச் சராசரி எடுக்கவும். அறைக்குள் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

எருக்கின் மயிர்க்குஞ்சம், நாயுருவியின் முள், தேங்காயின் நார் மட்டை ஆகியவற்றையும் இதே முறையில் நோக்கலாம்: அந்த உறுப்பை நீக்கினால் எது குறைகிறது என்பதே கேள்வி. தேங்காயில் மட்டையை உரித்து நீரில் விட்டு, எவ்வளவு அமிழ்கிறது என்று பார்க்கலாம். நாயுருவியில் முட்களை நறுக்கிவிட்டுத் துணியில் உரசலாம். குஞ்சம் விதையின் பகுதி, மட்டை கனியின் சுவர் என்பதையும் படத்தில் பிரித்துக் குறிக்க வேண்டும். வெண்டையில் நீக்கிப் பார்க்க அப்படி எந்த உறுப்பும் இல்லை. எனவே அதன் குறிப்பில் "சிறப்பு உறுப்பு இல்லை, தாய்ச்செடியின் அருகிலேயே உதிர்கிறது" என்று எழுதினால் போதும்.